டேட்டா சஃபிஷியன்சி: கூற்று போதுமா, போதாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடையே கண்டுபிடிக்க வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் எதைத்தான் செய்ய வேண்டும்?

டேட்டா சஃபிஷியன்சி என்பது நுழைவுத் தேர்வுகளில் வரும் ஒரு வினா வகை: ஒரு கேள்வி, அதன்கீழ் இரண்டு கூற்றுகள். கூற்று சொல்வதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டால், கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் வர முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வர வாய்ப்பு இருந்தால் அந்தக் கூற்று போதாது. ஒன்றுதான் வரும் என்றால் போதும். அந்த விடை 17-ஆ 170-ஆ என்பது உங்களுக்குத் தேவையில்லை.

இதனால் கணக்கே போட வேண்டாம் என்று ஆகிவிடாது. சில கேள்விகளில் சமன்பாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிலவற்றில் கடைசி வரி வரை போய்ப் பார்த்தால்தான் விடை ஒன்றா இரண்டா என்று தெரியும். எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்ற முடிவுதான் இங்கே சோதிக்கப்படுகிறது. கீழே வரும் பெட்டிக் கணக்கு இரண்டாவது வகை.

ஐந்து விருப்பங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வுக்கு என்றால், ஆம். அங்கே விருப்பங்கள் மாறுவதே இல்லை. பயிற்சி செய்கிறவர்கள் அவற்றை இப்படிக் குறிப்பார்கள்:

A: கூற்று 1 மட்டும் போதும், 2 மட்டும் போதாது.
B: கூற்று 2 மட்டும் போதும், 1 மட்டும் போதாது.
C: இரண்டும் சேர்ந்தால் போதும், தனித்தனியே எதுவும் போதாது.
D: தனித்தனியே ஒவ்வொன்றும் போதும்.
E: இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

கூற்று 1 போதும் என்று தெரிந்தால் மிச்சம் இருப்பவை A, D மட்டும். போதாது என்று தெரிந்தால் B, C, E. முதல் கூற்று குழப்பமாக இருந்தால் இரண்டாவதில் தொடங்குங்கள், தவறில்லை. அது போதும் என்றால் B அல்லது D. போதாது என்றால் A, C, E.

மேட், ஸ்னாப் போன்ற மற்ற நுழைவுத் தேர்வுகளிலும் இந்த வகை உண்டு. ஜிமேட் வரிசையே எல்லா வினாத்தாளிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ‘இரண்டில் ஏதேனும் ஒன்று போதும்’ என்பது மூன்றாவதாகவும் ‘இரண்டும் சேர்ந்தால் போதும்’ என்பது நான்காவதாகவும் வந்திருந்தால், பழக்கத்தில் C என்று குறிப்பவருக்குக் கணக்கு சரி, மதிப்பெண் பூஜ்யம். பகுதியின் தலைப்பில் இருக்கும் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தெரியாதவை இரண்டு இருந்தால் இரண்டு சமன்பாடு வேண்டும்தானே? அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு C போட்டுவிடலாமா?

வினா எழுதுகிறவர் எதிர்பார்ப்பதே இதைத்தான். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வண்டியில் 7 கிலோ எடையுள்ள சிறிய பெட்டிகளும் 23 கிலோ எடையுள்ள பெரிய பெட்டிகளும் மட்டுமே உள்ளன. சிறிய பெட்டிகள் எத்தனை?
(1) பெட்டிகளின் மொத்த எடை 143 கிலோ.
(2) பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை 9.

சிறியவை x, பெரியவை y என்றால், முதல் கூற்று `7x + 23y = 143`, இரண்டாவது `x + y = 9`. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு, எனவே C என்று கை தானாகப் போகும். சரியான விடை A.

காரணம், பெட்டியைப் பாதியாக வைக்க முடியாது. x, y இரண்டும் முழு எண்கள்தான். கேள்வி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘பெட்டிகள்’ என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. இப்போது 143-இலிருந்து 23, 23 ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 143, 120, 97, 74, 51, 28, 5. இவற்றில் 7-ஆல் மீதியின்றி வகுபடுவது 28 மட்டும். ஐந்து முறை கழித்த பிறகு 28 வந்தது. ஆகவே பெரியவை 5, சிறியவை 4. வேறு வழியே இல்லை. முதல் கூற்று தனியாகவே போதும்.

இரண்டாவது கூற்று தனியாகப் போதாது. 9 பெட்டிகளை 1-உம் 8-உம் ஆகவும் பிரிக்கலாம், 4-உம் 5-உம் ஆகவும் பிரிக்கலாம்.

பொருள்கள், ஆட்கள், நாணயங்கள், நாட்கள் என்று எண்ணிக்கையில் வருபவை கேள்வியில் இருந்தால் ‘ஒரே சமன்பாடு போதாது’ என்ற விதியை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை முழு எண் தீர்வுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். அதே கேள்வி பெட்டிகளை விட்டுவிட்டு, லிட்டருக்கு 7 கிராம் உப்பு கொண்ட கரைசலையும் லிட்டருக்கு 23 கிராம் உப்பு கொண்ட கரைசலையும் கலந்ததாக இருந்தால், x அரை லிட்டராகவும் இருக்கலாம், கால் லிட்டராகவும் இருக்கலாம். அங்கே முதல் கூற்றுக்கு எண்ணற்ற தீர்வுகள், விடை C-தான்.

எண்ணிக்கை என்று வந்தாலே ஒரு சமன்பாடு போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதே கேள்வியில் மொத்த எடையை 304 கிலோ என்றும், மொத்தப் பெட்டிகளை 16 என்றும் மாற்றுங்கள். 304-இலிருந்து 23-ஐ ஐந்து முறை கழித்தால் 189. அது 27 ஏழுகள். பன்னிரண்டு முறை கழித்தால் 28. அது 4 ஏழுகள். ஆக, சிறியவை 27, பெரியவை 5 என்றும் இருக்கலாம். சிறியவை 4, பெரியவை 12 என்றும் இருக்கலாம். முதல் கூற்று இப்போது போதாது. இரண்டாவதையும் சேர்த்தால் 4 + 12 = 16 என்பது மட்டும் பொருந்துகிறது; 27 + 5 = 32 விழுந்துவிடுகிறது. விடை C. வாக்கியம் ஒன்றுகூட மாறவில்லை, இரண்டு எண்கள்தான் மாறின.

ஒரு தீர்விலிருந்து அடுத்த தீர்வுக்குப் போக, 7 பெரிய பெட்டிகளை ஏற்றி 23 சிறிய பெட்டிகளை இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் 161 கிலோ. மொத்த எடை 161-க்குக் குறைவாக இருந்தால் இப்படி மாற்றிக்கொள்ள இடமே இல்லை, எனவே ஒரு தீர்வுக்கு மேல் வராது. கூற்றுகள் எப்போதும் உண்மை என்பதால் ஒரு தீர்வாவது இருந்தே தீரும். இரண்டு கெழுக்களுக்கும் பொதுக் காரணி இல்லாதபோது, அவற்றின் பெருக்கலைவிட மொத்தம் சிறியதா என்று பார்ப்பது விரைவான சோதனை. சிறியது என்றால் அந்தச் சமன்பாடு போதும். சமமோ பெரியதோ என்றால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்போதும் சில சமயம் ஒரே தீர்வுதான் வரும். `6x + 9y = 60` போல் பொதுக் காரணி இருந்தால் முதலில் சுருக்குங்கள்: `2x + 3y = 20`. இதற்குத் தீர்வுகள் பல.

இரண்டாவது கூற்றைப் பார்க்கும்போது முதல் கூற்று மண்டையில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

ஒட்டிக்கொள்வது எந்த வடிவில் வரும் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். இதைப் பாருங்கள்.

x-இன் மதிப்பு என்ன?
(1) `3x = 12`
(2) `x² + x = 20`

முதல் கூற்று x = 4 என்று தருகிறது, போதும். இரண்டாவதில் 4-ஐப் போட்டால் 16 + 4 = 20, பொருந்துகிறது. ‘ஆகா, இதுவும் 4’ என்று D குறித்துவிடுவோம். ஆனால் −5-ஐப் போட்டாலும் 25 − 5 = 20. இரண்டாவது கூற்று தனியாக இரண்டு விடைகளைத் தருகிறது. சரியான விடை A. கேள்வியின் தலைப்பிலேயே ‘x ஒரு மிகை எண்’ என்று இருந்திருந்தால் D சரியாக இருந்திருக்கும்.

நடந்தது என்னவென்றால், இரண்டாவது கூற்றைத் தீர்ப்பதற்குப் பதிலாக முதல் கூற்றின் விடையை அதில் சரிபார்த்துவிட்டோம். இரண்டும் வேறு வேலைகள். தாளில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: கேள்வியின் தலைப்பில் உள்ள தகவல் மேலே, கூற்று 1 இடப்பக்கம், கூற்று 2 வலப்பக்கம். வலப்பக்கம் எழுதுவது மேல்கட்டத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். முதல் கூற்று போதும் என்று முடிவானதும் அதன் விடையை அடித்துவிட்டு ஒரு ‘சரி’ குறி மட்டும் போடுவதும் உதவும்.

‘இல்லை’ என்று விடை வந்தால் கூற்று போதாது என்றுதானே பொருள்?

கிடையாது. உறுதியான ‘இல்லை’-உம் விடைதான்.

n ஒரு முழு எண். n பகா எண்ணா?
(1) `24 < n < 28`
(2) n ஒற்றைப்படை எண்.

முதல் கூற்றுப்படி n 25, 26, 27 இவற்றில் ஒன்று. 25 = 5 × 5, 26 = 2 × 13, 27 = 3 × 9. எதுவுமே பகா எண் இல்லை. n எது என்று தெரியாது, ஆனால் கேள்விக்கு விடை தெரியும்: இல்லை. ஆகவே போதும். இரண்டாவது கூற்றில் 7-உம் வரும், 9-உம் வரும், போதாது. விடை A.

ஆம்/இல்லை கேள்விகளில் போதாது என்று சொல்ல ஒரே காரணம்தான்: ஒரு எண்ணுக்கு ‘ஆம்’, இன்னொரு எண்ணுக்கு ‘இல்லை’ என்று வருவது. ‘போதுமா’ என்பதற்கான ஆம்/இல்லையையும் கேள்விக்கான ஆம்/இல்லையையும் ஒரே குறியால் எழுதாதீர்கள். குழப்பத்தின் பாதி அங்கேதான் பிறக்கிறது. கேள்வியின் விடைக்கு ‘ஆம்/இல்லை’, கூற்றுக்குப் ‘போதும்/போதாது’ என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்களைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்துவிடலாமா? மூன்று எண்கள் போட்டு ஒரே விடை வந்தால் போதுமா?

எண் போட்டுப் பார்ப்பது போதாது என்பதை நிரூபிக்கும். போதும் என்பதை நிரூபிக்காது. `n² + n + 11` பகா எண்ணா என்று கேட்டு, n 12-க்குக் குறைவான மிகை முழு எண் என்று ஒரு கூற்று கொடுத்தால், 1-க்கு 13, 2-க்கு 17, 3-க்கு 23, 4-க்கு 31 என்று பகா எண்ணாகவே வரும். 9 வரைக்கும் அப்படித்தான். 10-ஐப் போட்டால் 121, அதாவது 11 × 11. கூற்று போதாது.

ஆகவே தொடர்ந்து ஒரே விடை வந்தால், ஏன் அப்படி வருகிறது என்று காரணத்தைத் தேடுங்கள். `n³ − n` 24-ஆல் வகுபடுமா என்ற கேள்விக்கு ‘n ஒற்றைப்படை முழு எண்’ என்ற கூற்று இருந்தால், 3-க்கு 24, 5-க்கு 120, 7-க்கு 336, எல்லாம் வகுபடும். காரணம், அது (n−1), n, (n+1) என்ற மூன்று அடுத்தடுத்த எண்களின் பெருக்கல். மூன்றில் ஒன்று 3-இன் மடங்கு. n ஒற்றைப்படை என்பதால் இருபுறமும் இரட்டைப்படை; அடுத்தடுத்த இரண்டு இரட்டைப்படை எண்களில் ஒன்று 4-இன் மடங்கு, எனவே பெருக்கல் 8-இன் மடங்கு. காரணம் கிடைத்துவிட்டது, போதும் என்று துணிந்து சொல்லலாம்.

எந்த எண்களைப் போட வேண்டும்?

முதல் எண்ணை எளிதாக எடுங்கள். இரண்டாவது எண்ணை, வந்த விடையை உடைக்கும் நோக்கத்தோடு எடுங்கள். முதலில் ‘ஆம்’ வந்ததா, கூற்றை மீறாமல் ‘இல்லை’ வரவைக்க முடியுமா? அதற்கு உதவுபவை பெரும்பாலும் 0, 1, குறை எண்கள், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்கள். 2, 3, 5 என்றே போட்டுக்கொண்டிருந்தால் ஒரே மாதிரி எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கிறீர்கள்.

`x > y` ஆ என்று கேள்வி. (1) `x² > y²`. (2) `x + y > 0`. முதல் கூற்றுக்கு x = 3, y = 2 என்றால் ‘ஆம்’; x = −3, y = 2 என்றால் ‘இல்லை’. போதாது. இரண்டாவதற்கு 3, 2 என்றால் ‘ஆம்’, 2, 3 என்றால் ‘இல்லை’. அதுவும் போதாது. இரண்டும் சேரும்போது உடைக்க எண் கிடைக்காது, ஏனென்றால் `x² − y²` என்பது `(x − y)(x + y)`. பெருக்கல் மிகை, `x + y` மிகை, எனவே `x − y`-உம் மிகை. விடை C. எண் போட்டு உடைப்பதும் காரணம் தேடுவதும் ஒரே கணக்கில் மாறி மாறி வருவது சகஜம்.

எல்லாமே கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் x எது y எது என்று தெரியவில்லை. C-யா E-யா?

அது கேள்வியின் கடைசி வரியைப் பொறுத்தது. (1) `x + y = 10`, (2) `x² + y² = 58` என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் எண்கள் 7-உம் 3-உம். எது x என்று தெரியாது.

‘x என்ன?’ என்று கேட்டால் 7-ஆகவும் இருக்கலாம் 3-ஆகவும் இருக்கலாம், எனவே E. ‘xy என்ன?’ என்று கேட்டால் எது எதுவானாலும் 21, எனவே C. ‘x, y-க்கு இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு?’ என்றால் 4; அதுவும் C. ‘x, y-ஐ விடப் பெரியதா?’ என்றால் மறுபடியும் E. தலைப்பில் ‘x > y’ என்று ஒரு சிறு குறிப்பு இருந்தால் ‘x என்ன?’ என்பதும் C ஆகிவிடும்.

xy-ஐக் கண்டுபிடிக்க x, y தனித்தனியே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள்: 100-இலிருந்து 58 போனால் 42, அதில் பாதி 21. கூற்றுகளைத் தொடும் முன் ‘எனக்கு உண்மையில் என்ன வேண்டும்?’ என்று கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். சதவீதம் கேட்டால் விகிதம் போதும், சராசரி கேட்டால் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் போதும்.

கூற்று 1 ஒரு விடை, கூற்று 2 வேறு விடை என்று வந்தால்?

உங்கள் கணக்கில் பிழை. ஜிமேட்டில் இரண்டு கூற்றுகளும் உண்மை, ஒன்றோடொன்று முரண்படாது. முதலாவது 4 மட்டும் என்றும் இரண்டாவது 5 மட்டும் என்றும் வந்தால், ஏதோ ஒன்றில் குறியோ, கூட்டலோ, ஒரு விடுபட்ட தீர்வோ தவறியிருக்கிறது. D குறிக்கும் முன் இதை இலவசச் சோதனையாகப் பயன்படுத்துங்கள்.

ஜிமேட்டில் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? கால்குலேட்டர் உண்டா?

இப்போதைய ஜிமேட்டில் இந்த வகை ‘டேட்டா இன்சைட்ஸ்’ பகுதியில் வருகிறது. 45 நிமிடத்தில் 20 கேள்விகள், அதாவது சராசரியாக இரண்டேகால் நிமிடம். அதே பகுதியில் அட்டவணைகளும் பல தகவல் தாள்களும் கொண்ட கேள்விகள் கூடுதல் நேரம் தின்னும், ஆகவே இதை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் இந்த வகையில் அதைத் திறக்கிறீர்கள் என்றால், தேவையில்லாத மதிப்பைக் கணக்கிடத் தொடங்கிவிட்டீர்களா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பயிற்சியில் தவறு செய்த கேள்விகளை எப்படி அலசுவது?

சரியான விடையையும் நீங்கள் குறித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஜோடியே நோயைச் சொல்லும். A அல்லது B சரியாக இருக்க C குறித்திருந்தால், முழு எண், மிகை எண் போன்ற மறைந்த கட்டுப்பாட்டைத் தவறவிட்டிருக்கலாம். பெட்டிக் கணக்கு இந்த இனம். C சரியாக இருக்க A அல்லது B குறித்திருந்தால், மறுகூற்றின் தகவல் கசிந்திருக்கும், அல்லது கேள்வி சொல்லாததை நீங்களே சேர்த்திருப்பீர்கள். படத்தில் செங்கோணம்போல் தெரிவதைச் செங்கோணம் என்றே எடுத்துக்கொள்வதும் இதில் சேரும். A சரியாக இருக்க D குறித்திருந்தால், மேலே உள்ள −5 போன்ற இரண்டாவது தீர்வு விடுபட்டிருக்கும். C சரியாக இருக்க E குறித்திருந்தால், கேள்வி கேட்டதைவிட அதிகமாகக் கண்டுபிடிக்க முயன்றீர்களா என்று பாருங்கள்.

இருபது முப்பது கேள்விகளுக்கு இப்படிக் குறித்தால் ஒரு ஜோடி திரும்பத் திரும்ப வரும். அடுத்த பயிற்சியை அந்த ஒரு ஜோடிக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.